83 பைசா வட்டி

எதிர் வீட்டுத் தம்பி ஸ்கூட்டர் பார்க்கப் போனவன் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். "வெறும் 83 பைசா வட்டிதான்க்கா. இருக்கிற காசைக் கட்டிட்டு மிச்சத்தை டியூவுல போட்டுடலாம்" என்றான். சீட்டில் மூன்று எண்கள் இருந்தன. ஆன்ரோடு விலை 1,00,000 ரூபாய், முன்பணம் 20,000, மாதம் 4,000 வீதம் 24 டியூ.

நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் நம் ஊரில் வட்டி பேசுவோம். ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். 83 பைசா வட்டி என்றால் 10 சதவீதம். கடைக்காரர் சொன்ன கணக்கும் சரியாகவே வருகிறது. முன்பணம் போக மீதி 80,000. கட்டப்போவது 96,000. கூடுதலாகப் போகும் 16,000-ஐ இரண்டு வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 8,000, அதாவது 80,000-க்குப் பத்து சதவீதம்.

ஆனால் அந்த 80,000 இரண்டு வருடமும் முழுதாக அவனிடம் இருக்கப்போவதில்லை. முதல் டியூ கட்டியதுமே கடன் குறையத் தொடங்கிவிடும். பன்னிரண்டு டியூ கட்டி முடிக்கும்போது உண்மையான பாக்கி சுமார் 43,600 ரூபாய்தான். இரண்டாம் வருடத்துக்கும் அவனிடம் 80,000-க்கான வட்டியைத்தான் வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் பிளாட் வட்டி. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் உண்மை வட்டி எவ்வளவு? இதைக் காகிதத்தில் நேராகக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வட்டியை ஊகித்து, அந்த வட்டியில் 24 டியூவும் கடனைச் சரியாகத் தீர்க்கிறதா என்று பார்த்து, தீர்க்காவிட்டால் ஊகத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் உள்ள `RATE` என்ற சார்பு இந்த வேலையை நொடியில் செய்துவிடும். கைப்பேசியிலேயே போடலாம். ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படித் தட்டினேன்:

```
=RATE(24,-4000,80000)
```

முதலில் தவணைகளின் எண்ணிக்கை, அடுத்து ஒரு தவணையின் தொகை, கடைசியில் இன்று நமக்குக் கிடைத்த கடன். தவணைக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி முக்கியம். கடன் நம்மிடம் வருகிறது, தவணை நம்மை விட்டுப் போகிறது, எனவே இரண்டுக்கும் எதிரெதிர்க் குறி வேண்டும். அதை விட்டுவிட்டால் `#NUM!` என்று பிழை காட்டும். விடை பின்னமில்லாமல் வெறும் 2% என்று தெரிந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணை முழுமையாக்கிக் காட்டுவதால் வரும் தோற்றம் அது. தசம இடங்களைக் கூட்டினால் 1.51% என்று வரும்.

இது மாத வட்டி. நம் பேச்சில் ஒன்றரை ரூபாய் வட்டி. பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 18.16 சதவீதம். தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் சரிபார்த்துக் காட்டினேன். 80,000-க்கு 1.5131 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி சுமார் 1,210 ரூபாய். 4,000-த்தில் அது போக மீதி 2,790 அசலில் கழிந்து, பாக்கி 77,210. அடுத்த மாதம் இந்த 77,210-க்கு மட்டும் வட்டி. இப்படியே 24 வரிகள் இறங்கிப் போனால் கடைசி வரியில் பாக்கி பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. வேறு எந்த வட்டியைப் போட்டாலும் பூஜ்யம் வராது. ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் கடைசி டியூ வரை வண்டி நிதி நிறுவனத்துக்குச் சொந்தம் என்றாலும் கணக்கு இதேதான்.

"வேற ஏதாவது கட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆவணக் கட்டணம் 3,000 என்றும், முதல் டியூவை வண்டி எடுக்கும் அன்றே கட்ட வேண்டும் என்றும் சொன்னான். இந்த இரண்டும் சீட்டில் இல்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் குழம்பிவிடுகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறவர் இந்தத் தொகையைக் கட்டுவாரா? சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் அவரும் கட்டுவார், ஆகவே அவை வண்டியின் விலை. ஆவணக் கட்டணத்தை அவர் கட்ட மாட்டார். அது கடனுக்கான செலவு, பெயர் மாற்றிய வட்டி. எனவே தம்பிக்கு உண்மையில் கிடைத்த கடன் 77,000 மட்டுமே. முதல் டியூவை அன்றே கட்டுவதைக் குறிக்க `RATE`-இல் தனி இடம் இருக்கிறது. கடைசியில் 1 என்று போட்டால், ஒவ்வொரு தவணையும் மாதத் தொடக்கத்தில் கட்டப்படுவதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் வரும் 0, கடைசியில் பாக்கி எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும்.

```
=RATE(24,-4000,77000,0,1)
```

விடை 2.02%. வருடத்துக்கு 24.25 சதவீதம். 83 பைசா என்று சொல்லப்பட்டது முழு இரண்டு ரூபாய் வட்டியாக வந்து நின்றது. அத்தனைக்கும் டியூ தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே கேள்வியை விலையிடமும் கேட்க வேண்டும். வீட்டுப் பொருட்களுக்கு வரும் 'வட்டியே இல்லை' திட்டங்களில் வட்டி ஒளிந்திருப்பது விலையில்தான். ஒரு ஃபிரிட்ஜின் விலை 30,000, முன்பணம் 6,000, மாதம் 2,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 30,000-தான், வட்டி பூஜ்யம். ரொக்கமாகக் கொடுத்தால் 27,500-க்குத் தருவார்கள் என்றால் அதுதான் அதன் விலை, உண்மைக் கடன் 21,500. `=RATE(12,-2000,21500)` என்று போட்டால் மாதம் 1.73 சதவீதம், வருடத்துக்கு ஏறக்குறைய 20.8. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்கு எழுதியது. ஆகவே தவணையைப் பற்றிப் பேசும் முன்பே ரொக்க விலையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். தவணைக்கு ஒப்புக்கொண்ட பிறகு அந்த விலை வெளியே வராது.

தவணைகள் எல்லாம் ஒரே தொகையாக, ஒரே இடைவெளியில் இருந்தால் மட்டுமே `RATE` பயன்படும். முதல் ஆறு மாதம் ஒரு தொகை, பிறகு வேறு தொகை என்றால், மாதாமாதம் வரும் போகும் பணத்தை ஒரே நிரலில் எழுதி `IRR` போட வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர வட்டி அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அதில் உள்ள எண்ணும் நம் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், நாம் கட்டும் ஏதோ ஒரு தொகை அவர்கள் கணக்கில் வரவில்லை என்று பொருள், அல்லது நாம் எதையோ தவறாகச் சேர்த்திருக்கிறோம்.

மறுநாள் தம்பி அந்த 24.25-ஐக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனான். முதல் டியூ விஷயத்தில் அவர்கள் இறங்கி வரவில்லை. ஆவணக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள். கடை வாசலிலேயே 77000-ஐ அழித்துவிட்டு 80000 என்று போட்டிருக்கிறான். வருட வட்டி 19.86 என்று வந்தது. "இன்னும் ரெண்டு இடத்துல விசாரிச்சுட்டு வரேன்க்கா" என்று போனில் சொன்னான்.