சாப்பிடும்போது நெஞ்சைப் பிழியும் வலி

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாப்பிட உட்கார்ந்து நாலு வாய் இறங்குவதற்குள் நடுநெஞ்சு பிழிகிறது. வலி முதுகு வரை பாய்கிறது. குளிர்ந்த மோர் குடித்தால் இன்னும் அதிகம். இதை ‘கேஸ்’ என்று சோடா குடித்துச் சமாளிக்கக் கூடாது. மாரடைப்பும் இப்படித்தான் வரும். உடனே மருத்துவமனைக்குப் போய், ஈசிஜியும் ரத்தத்தில் ட்ரோபோனின் பரிசோதனையும் செய்தாக வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையில் வலி தணிந்தால், ‘அப்போது இதயம்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த மருந்து ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்துவதுபோலவே உணவுக்குழாயின் தசையையும் தளர்த்தும். வலி குறைந்தது எதையும் நிரூபிக்காது.

இதயத்தில் கோளாறில்லை என்று உறுதியான பிறகு உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாயின் தசை மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கித்தான் உணவைத் தள்ளுகிறது. சிலருக்குக் கீழ்ப்பகுதி தன் முறை வருமுன்னே இறுகிவிடுகிறது. உணவு நடுவழியில் நிற்கிறது, நெஞ்சு வலிக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. புண், சுருக்கம், கட்டி இல்லை என்று உறுதிசெய்யவே அது. பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாய் திருகுபோல் தெரியலாம். அந்த நேரத்தில் இறுக்கம் வராவிட்டால் தெரியாமலும் போகலாம். நோயை உறுதிசெய்வது மேனோமெட்ரி. அழுத்தமானிகள் பதித்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். மயக்க மருந்து கிடையாது. மூக்கு மரத்துப்போக மருந்து தடவுவார்கள். விழுங்கியதும் சுருக்கம் கீழ்ப்பகுதியை எட்ட 4.5 விநாடிக்கு மேல் ஆவது இயல்பு. பத்தில் இரண்டு முறையாவது அதற்கு முன்பே எட்டிவிட்டு, இரைப்பை வாயில் மட்டும் சரியாகத் திறந்தால், இந்த இறுக்க நோய்தான். வாயில் சரியாகத் திறக்காவிட்டால் அது அகலேசியா என்ற வேறு நோயாக இருக்கலாம்; சிகிச்சையும் வேறு.

டிராமடால் போன்ற வலி மருந்துகளும் இந்த இறுக்கத்தைக் கொண்டுவரும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அமிலம் மேலேறுவது பலருக்குச் சேர்ந்தே இருக்கும். அதை முதலில் அடக்குவார்கள். பிறகு தசையைத் தளர்த்த டில்டியாசெம் போன்ற மருந்து. ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம், கால் வீங்கலாம்; அதனால் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும்.

மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போடுவதுண்டு. அதன் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். திரும்பப் போட வேண்டியிருக்கும். அதுவும் போதாத சிலருக்கு, உள்ளிருந்தே தசையை வெட்டித் தளர்த்தும் ‘போயம்’ சிகிச்சை செய்கிறார்கள்.