வளைந்த கால், தட்டைப் பாதம், நுனிக்கால் நடை: எப்போது பொறுக்கலாம், எப்போது காட்ட வேண்டும்?

ஆரையம்பதியில் ஒரு பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கினால் அதன் காலைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து எழும். முழங்கால்கள் விலகி வில்லாய் நிற்கின்றன என்பார் ஒருவர். பாதத்தில் குழியே இல்லை என்பார் இன்னொருவர். குதிக்கால் நிலத்தில் படவில்லையே என்று பாட்டி கவலைப்படுவார். இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளில் வளர்ச்சியின் இயல்பான கட்டங்கள். சிலரில் மட்டும் இவை நோயின் அறிகுறிகள். ஒரு நாள் பார்த்த வடிவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வடிவம் எந்த வயதில் இருக்கிறது, எந்தத் திசையில் மாறுகிறது, இரண்டு காலும் ஒத்திருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

காலுக்கு ஒரு கால அட்டவணை உண்டு

1975ஆம் ஆண்டில் பின்லாந்தின் சலேனியஸ், வான்க்கா என்ற இரு வைத்தியர்கள் பிள்ளைகளின் முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் கோணத்தை அளந்து வெளியிட்டார்கள். பிறந்த பிள்ளையின் கால் ஏறக்குறைய 15 பாகை வெளிப்புறமாக வளைந்திருக்கிறது. கருப்பையில் மடிந்து கிடந்த நிலையின் தொடர்ச்சி அது. ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் கால் நேராகிறது. ஆனால் அங்கே நின்றுவிடுவதில்லை. மூன்று, நான்கு வயதில் மறுபக்கம் சாய்ந்து, முழங்கால்கள் முட்டிக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும். பிறகு மெல்லத் திரும்பி, ஆறு, ஏழு வயதளவில் பெரியவர்களுக்கு உரிய சிறிய உட்சாய்வில் நிலைக்கிறது. ஆகவே ஒரு வயதில் வில்லாக நிற்பதும், மூன்று வயதில் முழங்கால் முட்டுவதும் ஒரே பிள்ளையின் ஒரே பயணத்தில் வரும் இரு நிறுத்தங்கள். இரண்டு வயதுக்குப் பின்னும் வளைவு கூடிக்கொண்டே போவதும், ஒரு கால் மட்டும் வளைவதும் இந்த அட்டவணையில் இல்லாதவை.

இதை வீட்டில் அளக்கலாம். பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் நீட்டி, முழங்கால் சில்லுகள் மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். பாதங்கள் உள்ளே திரும்பிக் கிடந்தால் நேரான காலும் வளைந்ததாகத் தோன்றும். உட்பக்கக் கணுக்கால்கள் தொடும்படி சேர்த்து, முழங்கால்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தையல் நாடாவால் அளந்து, திகதியோடு கிளினிக் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். வாரந்தோறும் அளப்பது மனக்கலக்கத்தைத்தான் வளர்க்கும்.

ஒரே அளவு, இரண்டு பிள்ளைகள்

உதாரணத்துக்குப் பதினைந்து மாதப் பிள்ளைகள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் முழங்கால் இடைவெளி 5 சென்ரிமீற்றர். முதல் பிள்ளைக்குப் பதினெட்டாம் மாதத்தில் அது 3 ஆகிறது. இரண்டு வயதில் இடைவெளி இல்லை. மூன்றரை வயதில் முழங்கால் முட்டி, கணுக்கால்களுக்கு இடையே நாலைந்து சென்ரிமீற்றர் விலகுகிறது. எடையும் உயரமும் தம் கோடுகளில் ஏறுகின்றன. இந்தப் பிள்ளைக்கு எக்ஸ்றேயும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வயதில் இடைவெளி 6.5 ஆகிவிட்டது. உயரக் கோடு கீழே சரிகிறது. மணிக்கட்டு தடித்திருக்கிறது, பல் பிந்தி முளைக்கிறது, நடை பிந்தியது. இங்கே வைத்தியர் முதலில் நினைப்பது ரிக்கெட்ஸ். விட்டமின் டீயோ கல்சியமோ போதாமல் வளரும் எலும்பு இறுகாமல் போகும் நோய் அது. மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்றேயும், இரத்தத்தில் கல்சியம், பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ் பரிசோதனைகளும் அதைக் காட்டும். உரிய அளவில் விட்டமின் டீயும் கல்சியமும் கொடுத்தால் எலும்பு இறுகி, பல பிள்ளைகளில் வளைவும் மாதக்கணக்கில் நேராகும். பிந்தினால் அந்த வாய்ப்புக் குறையும். பதினைந்தாம் மாதத்தில் ஒரே அளவாக இருந்த இருவரையும் பிரித்துக் காட்டியது அதன் பின் வந்த ஒன்பது மாதங்களின் பதிவு.

வெயில் கொளுத்தும் கடற்கரை ஊரில் விட்டமின் டீ குறையுமா என்று கேட்பது நியாயம். வெயில் ஊருக்குக் கிடைப்பது வேறு, பிள்ளையின் தோலுக்குக் கிடைப்பது வேறு. நாள் முழுதும் வீட்டுக்குள் வைத்திருந்தால், அல்லது உடல் முழுவதையும் மூடியே வெளியே கொண்டுபோனால், வெயில் தோலைத் தொடாது. கறுத்த தோலுக்கு அதே அளவு விட்டமினை உண்டாக்க அதிக நேரமும் வேண்டும். தாய்ப்பாலில் விட்டமின் டீ குறைவு. அது தாய்ப்பாலை நிறுத்தக் காரணமல்ல. ஆறு மாதத்துக்குப் பின் முட்டையையும், முள் நீக்கி மசித்த சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள சிறு மீனையும் உணவில் சேர்க்கக் காரணம்.

ரிக்கெட்ஸ் அல்லாத இன்னொரு நோயும் உண்டு. பிளவுண்ட் நோய் என்பது அதன் பெயர். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் உட்பக்கம் வளராமல் பின்தங்குகிறது. முன்கூட்டியே நடந்த, எடை கூடிய பிள்ளைகளில் அதிகம். இயல்பான வளைவு தொடையிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக ஓடும். இதிலோ வளைவு முழங்காலுக்குக் கீழே திடீரெனத் திரும்பும். அடி வைக்கும்போது முழங்கால் வெளிப்புறம் வெட்டி விலகும். இதைக் கண்டால் அடுத்த அளவுக்குக் காத்திராமல் காட்டுங்கள்.

பாதத்துக்குக் குழி எப்போது வரும்?

சிறு பிள்ளையின் உள்ளங்காலில் கொழுப்புப் படை இருக்கிறது, இணைப்பு நார்களும் தளர்வானவை. அதனால் ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் நடந்தால் முழுப் பாதமும் பதியும். ஆஸ்திரியாவில் மூன்று முதல் ஆறு வயதுள்ள 835 பிள்ளைகளைப் பரிசோதித்து 2006இல் வெளியான ஆய்வில், மூன்று வயதினரில் 54 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. ஆறு வயதினரில் அது 24 வீதம். மூன்று வயதில் பாதிக்கு மேற்பட்டோரிடம் காண்பதை நோய் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது பாதம் வளைந்து கொடுக்கிறதா என்பதைத்தான். உயரத்தில் ஒரு பொருளைக் காட்டிப் பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் செய்யுங்கள். அப்போது குழி தோன்றினால் பாதம் இளக்கமானது, கவலை வேண்டாம். நுனிக்காலில் நின்றும் குழி வராத, பிடித்து அசைத்தால் விறைப்பாக இருக்கும், அல்லது வலிக்கும் பாதத்தை வைத்தியர் பார்க்க வேண்டும்.

விசேட சப்பாத்து உதவாவிட்டாலும் கெடுக்காதே, போட்டால் என்ன என்பார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெங்கர் குழுவினர் இளக்கமான தட்டைப் பாதமுள்ள பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி, மூன்று பிரிவினருக்குத் திருத்தும் சப்பாத்து, குதிக்கால் கிண்ணம், அளவெடுத்துச் செய்த உட்தகடு என்று மூன்று ஆண்டுகள் அணிவித்தார்கள். ஒன்றும் அணியாத பிரிவினருக்கும் இவர்களுக்கும் முடிவில் வேறுபாடு இல்லை. அதற்கு மேல் இந்தியாவில் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாத அச்சுகளைப் பார்த்து 1992இல் எழுதினார்கள். சப்பாத்து அணிந்தவர்களில் 8.6 வீதத்தினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 வீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. இரு கூட்டத்தாருக்கும் வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம் என்பதால் சப்பாத்துத்தான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெறுங்கால் பாதத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கண்ணாடித் துண்டு, முள், கொதிக்கும் மணல், கொக்கிப்புழு ஆகியவற்றுக்குச் செருப்பு வேண்டும். வீட்டுக்குள்ளும் துப்புரவான முற்றத்திலும் வெறுங்கால் போதும்.

குதிக்கால் பதியாத நடை

நடக்கப் பழகும் பிள்ளை சில மாதங்கள் நுனிக்காலில் எட்டி வைப்பதும், நடுவில் குதிக்காலை ஊன்றுவதும் இயல்பு. ஈர மணலில் நடக்க விட்டுத் தடத்தைப் பாருங்கள். அடிகள் சிலவற்றில் குதிக்கால் பதிந்திருந்தால் நல்ல அறிகுறி. சுவீடனில் ஐந்தரை வயதுள்ள 1,436 பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 5 வீதத்தினர் ஏதோ ஒரு காலத்தில் நுனிக்காலில் நடந்திருந்தார்கள். அந்த வயதிலும் தொடர்ந்தவர்கள் 2 வீதம் அளவே. ஆனால் அதே ஆய்வில், நரம்பியல் அல்லது வளர்ச்சிக் குறைபாடு கண்டறியப்பட்டவர்களிடையே இந்த நடை பல மடங்கு அதிகம். ஆகவே நடையோடு வேறென்ன சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேலே மடிக்க முடியாமை, ஒரு காலில் மட்டும் நுனிநடை, நன்றாக நடந்த பிள்ளை திடீரென நுனிக்காலுக்கு மாறுவது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, பேச்சுப் பிந்துதல் ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. ஆண் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கையூன்றி ஏறுவதும், கெண்டைக்கால் தடித்திருப்பதும் தசைநலிவு நோயைக் காட்டலாம். அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை முதல் விடையைத் தரும். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் மூன்று வயதுக்குப் பின்னும் தொடரும் நுனிநடையைக் காட்டத்தான் வேண்டும். குதிக்கால் தசைநாண் சுருங்கிவிட்டால் பயிற்சியாலும் கட்டாலும் சீராகக்கூடியது சத்திரசிகிச்சை வரை போகலாம். நடைவண்டியில் நுனிக்காலால் தள்ளிப் பழகும் பிள்ளைக்கு அந்த வண்டியை முதலில் நிறுத்துங்கள்.

பொறுப்பது கைவிடுவதா?

பொறுக்கச் சொல்வதால் நோயைத் தவறவிட மாட்டோமா என்பதே வலுவான எதிர்வாதம். அளவில்லாமல் பொறுத்தால் தவறவிடுவோம். அளந்து, திகதி குறித்துப் பொறுத்தால், திசை மாறியது முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். இதற்கு மாறாக, காலை நேராக்க இறுக்கிச் சுற்றுவதோ கட்டுவதோ இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகக் காரணமாகலாம். இடுப்பில் கால் விரித்துத் தூக்குவதால் கால் வளைவதில்லை. எண்ணெய் தேய்த்து நீவுவது பிள்ளைக்குச் சுகம் தரும், எலும்பை நிமிர்த்தாது.

தடுப்பூசிக்கும் எடைக்கும் கிளினிக் போகும் நாளே இதற்கும் உரிய நாள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவைக் காட்டி, பிள்ளையை வெறுங்காலோடு நடக்க விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குப் பின் கூடும் வளைவு, 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட முழங்கால் இடைவெளி, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள மாற்றம், வலி, விறைப்பு, சரியும் உயரக் கோடு, பதினெட்டு மாதமாகியும் நடக்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைநல வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் அந்த அளவுப் பதிவையும், மூன்று மாதத்துக்கு ஒன்றாக முன்பக்கமிருந்து எடுத்த நிற்கும் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது வளைவு எப்போதிருந்து இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்பதைத்தான்.