முட்டி வலிக்கிறதா? சைக்கிள் இருக்கையைக் கவனியுங்கள்

தினமும் சைக்கிளில் பள்ளிக்கு வரும் என் மாணவர் ஒருவர், முட்டியின் முன்பக்கம் வலிப்பதாகச் சொன்னார். அவருடைய சைக்கிளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஓராண்டில் அவர் நன்றாக வளர்ந்திருந்தார். இருக்கை மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது.

இருக்கைக்கும் முட்டிக்கும் என்ன தொடர்பு? பெடல் சுற்றும் வட்டத்தை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் வலப்பக்கம் நின்று வலது காலைப் பாருங்கள்.

பெடல் உச்சியில், அதாவது 12 மணியில் இருக்கும்போது இடுப்பும் முட்டியும் நன்றாக மடங்கியிருக்கும். தசையால் இழுக்க மட்டுமே முடியும். முன்தொடையில் உள்ள குவாட்ரிசெப்ஸ் தசை இழுக்கும்போது முட்டி நிமிர்கிறது. பிட்டத் தசை இழுக்கும்போது இடுப்பு மூட்டு நிமிர்கிறது. இவ்விரண்டும் சேர்ந்துதான் பெடலைக் கீழே அழுத்துகின்றன. 3 மணியை ஒட்டி அந்த அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்.

அதன்பின் பின்தொடையில் உள்ள ஹேம்ஸ்ட்ரிங் தசைகளின் பங்கு கூடுகிறது. இவை இடுப்பு, முட்டி ஆகிய இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்பவை. முதலில் இடுப்பை நிமிர்த்த உதவுகின்றன. 6 மணியை நெருங்கும்போது முட்டியை மடக்கி, பெடலைப் பின்னோக்கி இழுக்கின்றன. அங்கிருந்து வலது கால் மேலே ஏறுவதற்கு, இடது காலின் அழுத்தமே பெரும்பாலும் உதவுகிறது.

இருக்கை மிகவும் தாழ்ந்திருந்தால், முட்டி அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே குவாட்ரிசெப்ஸ் வேலை செய்ய வேண்டும். முழுதாகக் குந்தி எழுவது பாதி குந்தி எழுவதைவிடக் கடினம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். முட்டிச் சில்லு தொடை எலும்பின்மீது பலமாக அழுந்துவதால் முன்பக்கம் வலிக்கிறது. இருக்கை மிக உயரமாக இருந்தால், 6 மணியில் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். ஹேம்ஸ்ட்ரிங் அதிகமாக இழுபட்டு, முட்டியின் பின்பக்கம் வலிக்கலாம்.

சரியான உயரத்தை நீங்களே சோதிக்கலாம். சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வையுங்கள். முட்டி அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முட்டி சற்று மடங்கும். ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடக்கம் போதும்.

அந்த மாணவர் குதிகாலை வைத்தபோதும் முட்டி மடங்கியே இருந்தது. ஒவ்வொரு முறையும் 1 சென்டிமீட்டர் உயர்த்தி, இரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 4 சென்டிமீட்டரில் சோதனை சரியாக அமைந்தது. வலியும் மெல்லக் குறைந்தது. இருக்கையைச் சரிசெய்த பிறகும் வலி நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

இருக்கையை உயர்த்தும்போது, அதன் தண்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த சைக்கிள் உங்களுக்குச் சிறியதாகிவிட்டது என்று பொருள். சரியான உயரத்தில் அமர்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதியாது. எனவே நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகுங்கள்.