புதுப்பணம் மறைக்கும் சரிவு

பங்குகளின் மதிப்பை மாதக் கடைசியில் நோட்டில் குறித்துவைப்பது நல்ல பழக்கம். ஆனால் மாதாமாதம் புதுப்பணம் போடுபவர் அந்த மதிப்புகளை மட்டும் பார்த்தால், பெரிய சரிவுகூடக் கண்ணில் படாமல் போய்விடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜனவரி முடிவில் மதிப்பு 5,00,000 ரூபாய். பிப்ரவரி முடிவில் 5,10,000, மார்ச் முடிவில் 5,09,000. பார்த்தால் ஆயிரம் ரூபாய்தான் இறங்கியதுபோல் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமும் கடைசி நாளில் 50,000 ரூபாய் புதிதாகப் போட்டிருக்கிறார். அதைக் கழித்தால் பிப்ரவரியில் ஐந்து லட்சம் 4,60,000 ஆகியிருக்கிறது. 8 சதவீத இழப்பு. மார்ச்சில் 5,10,000 ரூபாய் 4,59,000 ஆனது. இன்னும் 10 சதவீதம்.

இதைச் சரியாக அளக்க, மியூச்சுவல் ஃபண்டுகள் என்.ஏ.வி. கணக்கிடும் முறையே போதும். தொடக்கத்தை 100 என்று வைத்து, ஒவ்வொரு மாத ஏற்ற இறக்கத்தையும் அதன்மேல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நம் கணக்கில் 100, பிறகு 92, பிறகு 82.8. உண்மையான சரிவு 17.2 சதவீதம். எக்செலில் B பத்தியில் மதிப்பு, C பத்தியில் போட்ட பணம் (எடுத்தால் மைனஸ்), D2-வில் 100 இருக்கட்டும். D பத்தியில் குறியீடு, E பத்தியில் உச்சத்திலிருந்து சரிவு:

```
D3: =D2*(B3-C3)/B2
E3: =D3/MAX(D$2:D3)-1
```

E பத்தியின் மிகச்சிறிய எண்தான் அதிகபட்சச் சரிவு. டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்குப் போனால், அதை எடுத்த பணமாக C-யில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் திடீரென்று பெரிய பள்ளம் தெரிந்தால், போனஸ் பங்கு அறிவித்த நிறுவனம் ஏதும் இருக்கிறதா பாருங்கள். விலை முதலில் குறைந்து, பங்குகள் கணக்கில் வரச் சில நாள் ஆகும். இடையில் மாதம் முடிந்தால் பொய்ச்சரிவு பதிவாகிவிடும்.

ஏற்ற இறக்கத்தின் அளவுக்கு, மாத வருமான சதவீதங்களை F பத்தியில் எழுதி, அவற்றின் திட்ட விலக்கத்தை 12-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.46-ஆல் பெருக்க வேண்டும். மாத விலக்கம் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 17.3 சதவீதம். மூன்று ஆண்டுப் பதிவாவது இல்லாமல் இந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரே ஒரு மோசமான மாதம் அதைப் புரட்டிப் போட்டுவிடும்.

```
=STDEV.S(F3:F38)*SQRT(12)
```

ஒரு குறை மட்டும் எந்தச் சூத்திரத்தாலும் தீராது. மாதக் கடைசிக் கணக்குக்கு மாத நடுவில் நடந்தது தெரியாது. நிஃப்டி 2019 டிசம்பர் முடிவில் 12,168. 2020 மார்ச் முடிவில் 8,598. சரிவு 29 சதவீதம். தினசரி முடிவு விலையில் பார்த்தால், 2020 ஜனவரி 14 அன்று 12,362-இல் இருந்து மார்ச் 23 அன்று 7,610-க்கு இறங்கியிருந்தது, 38 சதவீதம். அதனால் உங்கள் நோட்டு காட்டும் அதிகபட்சச் சரிவை, குறைந்தபட்சம் இவ்வளவு விழுந்தது என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.