கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்

“ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன் சார், அதே விடைதான் வருது” என்றாள் அந்தப் பதினோராம் வகுப்பு மாணவி. இரண்டு தடவையும் (−2) × (−3) என்ற இடத்தில் −6 என்றே எழுதியிருந்தாள். போன வழியிலேயே திரும்பப் போனால் முதலில் இடறிய கல்லே மறுபடியும் இடறும். அணிப் பெருக்கலைச் சரிபார்க்க வேறு வழியில் போக வேண்டும். அவள் போட்ட கணக்கு இதுதான். C அவள் எழுதிய AB:

```
A =  2 -1  3    B =  1  3  0    C = -9 13 -1
     0  4  1         2 -1  4         5 -2 17
     5  2 -2        -3  2  1         3  9  6
```

முதலில் வரிசையைப் பார்க்க வேண்டும். A-யில் எத்தனை நிரல்களோ, B-யில் அத்தனை நிரைகள் இருந்தால்தான் பெருக்கவே முடியும். விடையின் நிரைகள் A-யிலிருந்தும் நிரல்கள் B-யிலிருந்தும் வரும். 2×3 அணியை 3×4 அணியால் பெருக்கி 2×3 விடை எழுதியிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், அது தவறு. ஆனால் இவள் கணக்கில் எல்லாமே 3×3. AB-க்குப் பதில் BA போட்டிருந்தாலும் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது.

அடுத்துதான் எண்ணை இட்டுப் பார்க்கும் சோதனை. x என்பது 1, 1, 1 என்று மேலிருந்து கீழாக எழுதிய நிரல் என்று வைத்துக்கொள்வோம். C உண்மையிலேயே AB என்றால், Cx-உம் A(Bx)-உம் ஒன்றாக இருக்க வேண்டும். 1, 1, 1-ஆல் பெருக்குவது என்றால் ஒவ்வொரு நிரையையும் கூட்டுவதுதான். B-யின் நிரைகளைக் கூட்டினால் 4, 5, 0. இதை A-யால் பெருக்கினால் 3, 20, 30. இனி C-யின் நிரைகளைக் கூட்டுங்கள்: 3, 20, 18. மூன்றாம் நிரை உதைக்கிறது. முழுப் பெருக்கலுக்கு 27 பெருக்கல்கள். இந்தச் சோதனைக்கு ஒன்பதே போதும்.

மூன்றாம் நிரையில் எந்த உறுப்பு? நிரல்களையும் கூட்டிப் பார்த்தால் தெரியும். A-யின் நிரல் கூடுதல்கள் 7, 5, 2. இதை B-யால் பெருக்கினால் 11, 20, 22 வர வேண்டும். அவளுடைய C-யில் −1, 20, 22. முதல் நிரலும் மூன்றாம் நிரையும் சந்திக்கும் இடத்தில்தான் பிழை. இரண்டு சோதனைகளிலும் 12 குறைகிறது. ஆகவே அங்கே 3 அல்ல, 15. குறி மாறிய ஒரு 6, விடையை 12 தள்ளிவிட்டது.

AB-யும் BA-யும் குழம்பியிருந்தாலும் கூட்டல் காட்டிக்கொடுத்திருக்கும். BA-யின் நிரை கூடுதல்கள் 19, 23, 3.

இதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒரே நிரையில் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் நிரையின் கூடுதல் மாறாது. அப்போது நிரல் கூடுதல் காப்பாற்றும். அல்லது 1, 1, 1-க்குப் பதில் 1, 2, 3 இட்டுப் பார்க்கலாம். லாட்வியக் கணிதர் ஃப்ரைவால்ட்ஸ் 1977-இல் கணினிக்குச் சொன்ன முறையும் இதே வழியில்தான் போகிறது. x-இல் 0, 1 எண்களைக் குருட்டாம்போக்கில் நிரப்பினால், தவறான விடை ஒரு சோதனையில் தப்பும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகாது. புதிதாக நிரப்பிப் பத்து முறை சோதித்தால், அது 1024-இல் ஒன்றுக்கு மேல் போகாது.

அணிக்கோவைக்கும் இதே இரண்டு சோதனைகள் உண்டு, வேறு உருவில். நிரைகளும் நிரல்களும் சம எண்ணிக்கையில் இல்லாத அணிக்கு அணிக்கோவையே கிடையாது. எழுத்துகள் வரும் கணக்கில் படியையும் பார்க்க வேண்டும்:

```
1   1   1
a   b   c
a²  b²  c²
```

விரித்தால் ஒவ்வொரு உறுப்பிலும் நிரைக்கு ஒன்றாக எடுத்துப் பெருக்குகிறோம். ஆகவே படி 0 + 1 + 2 = 3. விடையில் (a+b+c) என்ற காரணி கூடுதலாக ஒட்டிக்கொண்டால் படி 4 ஆகிவிடும். அதை உடனே அடித்துவிடலாம்.

சரியான விடை (a−b)(b−c)(c−a). கடைசிக் காரணியை (a−c) என்று எழுதிவிடுவதுதான் நான் திருத்தும் தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு. படி அப்போதும் 3-தான் என்பதால் படிச் சோதனைக்கு அது அகப்படாது. a = 0, b = 1, c = 2 என்று இடுங்கள். அணிக்கோவை 4 − 2 = 2. சரியான விடையும் (−1)(−1)(2) = 2 தருகிறது; தவறான விடை −2 தருகிறது.

இங்கே a-யும் b-யும் 1 என்று இட்டால் இரு பக்கமும் பூச்சியம் ஆகி, குறிப் பிழை கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். மூன்றுக்கும் வெவ்வேறு எண்களையே இடுங்கள்.