சோப்பு உறையின் பின்பக்கம் யார் பெயர்?

லைஃப்பாய் பிடிக்கவில்லை என்று ஹமாமுக்கு மாறுகிறவர் சோப்பை மாற்றுகிறார், நிறுவனத்தை மாற்றவில்லை. இரண்டும் இந்துஸ்தான் யூனிலீவருடையவை. லக்ஸ், டவ், பியர்ஸ் ஆகியவையும் அப்படித்தான். சர்ஃப் எக்செல், விம், கிளினிக் பிளஸ், குளோசப், புரூ காபி, த்ரீ ரோசஸ் டீ, கிசான் ஜாம் என்று மாத மளிகையில் பாதி அங்கேயே போய் நிற்கலாம். கொடைக்கானல் பாதரசக் கழிவு விவகாரம் மனதில் இருப்பதால் இந்த நிறுவனத்தின் பொருளே வேண்டாம் என்று தீர்மானிப்பவர், பாண்ட்ஸை மட்டும் ஒதுக்கினால் போதாது.

இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிராண்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஹார்லிக்ஸும் பூஸ்ட்டும் இந்த நிறுவனத்துக்கு வந்தது 2020இல்தான். மாடர்ன் பிரெட் 2016இலும், பியூர்இட் தண்ணீர் வடிகட்டி 2024இலும் வேறு கைக்குப் போய்விட்டன. நாட்டுக்கு நாடும் மாறும்: பெப்சோடென்ட் இந்தியாவில் யூனிலீவருடையது, அமெரிக்காவில் சர்ச் அண்ட் டுவைட் என்ற வேறு நிறுவனத்துடையது. வெளிநாட்டுப் பட்டியல் நம் கடைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

உறுதியான சான்று உறையிலேயே இருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் முதலில் கண்ணில் படுவது தயாரித்தவர் பெயராக இருக்கும். அது பல சமயம் ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுக்கும் ஏதோ ஒரு ஊரின் சிறு ஆலை. அதைப் பார்த்து உள்ளூர்ப் பொருள் என்று எண்ணிவிடுவோம். ‘மார்க்கெட்டட் பை’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே இந்துஸ்தான் யூனிலீவர் லிமிடெட், மும்பை என்று இருந்தால் பொருளை விற்பது யார் என்பது தெரிந்துவிட்டது. சில உறைகளில் நாலைந்து ஆலை முகவரிகள் அடுக்கியிருக்கும். பேட்ச் எண்ணில் உள்ள குறியீடு, அவற்றில் எது உங்கள் சோப்பைச் செய்தது என்று காட்டும். புகார் எழுதும்போது இந்த எண் மிக முக்கியம், உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே விதிமீறல். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம்.

பொருளே குறையுள்ளது என்றால் முதலில் உறையில் உள்ள எண்ணுக்குப் பேசி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும், பில்லும் உறையும் கூடவே இருக்கட்டும்.