சொல்லைப் பிரித்துப் பொருள் காணல்

டில்லியில் நாம் அறிந்த ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. அக்குடும்பத்துப் பெரியவர் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். ஒருமுறை மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பியபோது கையில் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். 'ஹைப்போகிளைசீமியா நேராமல் பார்த்துக்கொள்ளவும்' என்று அதன் அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அச்சொல்லின் பொருளை அங்கே எவரும் விளக்கவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. நீரிழிவு என்றாலே சர்க்கரை மிகுதல்தானே, இதுவும் அதையே குறிக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சில நாட்கள் சென்றபின் ஒரு மாலை, ஊசி போட்டுக்கொண்ட பெரியவர் ஏதோ அலுவலில் உணவை மறந்துவிட்டார். சற்று நேரத்தில் அவருக்கு உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின, பேச்சுத் தடுமாறிற்று. "சர்க்கரை ஏறிவிட்டது, அவருக்கு ஒன்றும் கொடுக்காதே" என்று மருமகளைத் தடுத்தார் பாட்டி. அப்பொழுது பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் பேத்தி அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். "பாட்டி, இதில் ஹைப்பர் என்று போடவில்லை, ஹைப்போ என்று போட்டிருக்கிறது. தாத்தாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது" என்றாள். பெரியவருக்கு நினைவு இருந்தது; விழுங்கவும் முடிந்தது. எனவே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தார்கள். கால்மணி நேரத்தில் அவர் தெளிந்தார். அது சர்க்கரைக் குறைவே என்று மருத்துவரும் மறுநாள் கூறினார்.

அச்சிறுமி அந்நோயைப் பற்றிப் படித்தவள் அல்லள். சொல்லைப் பிரிக்கத் தெரிந்தவள், அவ்வளவே. அவள் செய்ததை நாமும் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

சொல்லைப் பிரிப்பது தமிழருக்குப் புதிய கலை அன்று. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளாகப் பிரிக்கும் முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவைத்தார். 'வந்தான்' என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் 'ஆன்' என்பதைக் கண்ட அளவில், வந்தவன் ஓர் ஆண்மகன் என்று அறிகிறோம். ஆங்கிலத்தில், சிறப்பாக மருத்துவத்துறை ஆங்கிலத்தில், வழங்கும் நீண்ட சொற்களும் இவ்வாறு கட்டப்பட்டவையே. அவற்றின் உறுப்புகளிற் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் பொருளை மாற்றும் உறுப்பு பெரும்பாலும் சொல்லின் பின்னே ஒட்டும். அங்கே முன்னும் ஒட்டும், பின்னும் ஒட்டும்.

முதற்கண் சொல்லின் கடைசியைப் பார்க்க வேண்டும். இது எதைப் பற்றிய பேச்சு என்பதைக் கடைசி உறுப்பே சொல்லிவிடும். நம் சொல் 'ஈமியா' என்று முடிகிறது. கிரேக்க மொழியில் இரத்தத்திற்கு 'ஹைமா' என்று பெயர். அதிலிருந்து வந்த இவ்விறுதி இரத்தத்தின் நிலையைக் குறிக்கும். இரத்தக்குறைவை 'அனீமியா' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அங்கே நிற்பதும் இதே இறுதிதான்.

அடுத்துச் சொல்லின் முதலைப் பார்க்க வேண்டும். அங்கே 'ஹைப்போ' நிற்கிறது. இதன் பொருள் 'கீழே' என்பது. எஞ்சி நடுவில் நிற்பது 'கிளைசீ' என்னும் பகுதி. கிரேக்கத்தில் 'இனிப்பான' என்று பொருள்படும் 'கிளைக்கிஸ்' என்பதே அதன் வேர். குளுக்கோஸ் என்னும் பெயரும் அச்சொல்லோடு தொடர்புடையது. இனி மூன்றையும் பின்னிருந்து சேர்ப்போம்: இரத்தத்தில், இனிப்பு, கீழ்நிலையில். அதாவது, இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிய நிலை.

இத்துடன் நிறுத்திவிடலாகாது. கண்ட பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் என்பது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. அதைப் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடக் கூடும் என்று மருத்துவமனை எச்சரிப்பது பொருந்துகிறது. பொருந்தவில்லையேல், நாம் பிரித்த முறை பிழை என்று கொண்டு வேறு வழி தேட வேண்டும்.

ஹைப்போ, ஹைப்பர் ஆகிய இவ்விரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. பொருளிலோ ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இவற்றை மயங்காமல் நினைவில் வைப்பது எவ்வாறு? வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதற்கு நல்ல துணை ஒன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மேல்மாடிக்குப் போகும் வழியைக் கேட்டால் டில்லியில் 'ஊப்பர்' என்பார்கள். குஜராத்தில் 'உப்பர்' என்பார்கள். வங்காளத்தில் 'உபோர்' என்பார்கள். இவை யாவும் வடமொழியில் 'மேலே' என்று பொருள்படும் 'உபரி' என்ற சொல்லின் வழிவந்தவை. கிரேக்க 'ஹைப்பர்' அந்த உபரிக்கு உடன்பிறப்பு. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் நிறுவிய உண்மை. உகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னே ஹகர ஒலியைச் சேர்ப்பது கிரேக்கரின் வழக்கமாதலால், இங்கே உகரமாய் இருப்பது அங்கே ஹகரத்தோடு தோன்றுகிறது. 'ஹைப்போ' என்பதும் இவ்வாறே 'உப' என்பதன் உடன்பிறப்பு. உபநதி, உபதலைவர் என்னும் சொற்களில் அந்த 'உப' கீழ்ப்பட்ட நிலையைக் காட்டுவதை நாம் அறிவோம். ஆகவே ஹைப்பர் என்றால் ஊப்பர், ஹைப்போ என்றால் உப என்று கொண்டால் ஒருநாளும் மாறாது.

இத்தகைய உறவு வேறு உறுப்புகளுக்கும் உண்டு. அநீதி, அதர்மம் என்பவற்றில் இன்மையைக் காட்டும் அகரமே, உயிரெழுத்தின் முன் 'அன்' ஆகி, அனீமியாவின் தொடக்கத்தில் நிற்கிறது. பரிவாரம் என்றால் சூழ்ந்து நிற்போர். அந்தப் 'பரி' கிரேக்கத்தில் 'பெரி' ஆகும். எனவே 'பெரிகார்டைட்டிஸ்' என்ற சொல்லைக் கண்டு திகைக்க வேண்டுவதில்லை. 'ஐட்டிஸ்' என்னும் இறுதி அழற்சியைக் குறிக்கும். 'கார்டி' என்பது இதயம். முன்னே நிற்பது 'சூழ்ந்த' என்னும் பொருள் தரும் பெரி. இதயத்தைச் சூழ்ந்த உறையில் ஏற்பட்ட அழற்சி என்பது தெளிவு.

இனி, இம்முறை நம்மை ஏமாற்றும் இடங்களையும் சொல்ல வேண்டும். அவற்றை அறியாதவன் சொல்லைப் பிரிக்காதிருப்பதே நலம்.

முதலாவது, வேரின் பழைய பொருள் ஒன்றாகவும், இன்றைய பேச்சு வழக்கு வேறாகவும் இருப்பது. 'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல்லைப் பலர் மனக்கவலை மிகுதி என்றே பொருள் கொள்கிறார்கள். நம் வீடுகளில் டென்ஷன் என்றால் மனப் பதற்றம் அல்லவா? அதன் இலத்தீன் வேருக்கோ இழுத்து விறைப்பாக்குதல் என்பதே பொருள். மருத்துவத்தில் இச்சொல் இரத்த அழுத்தம் உயர்ந்திருத்தலையே குறிக்கும். மனம் அமைதியாய் இருப்பவருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். 'எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, ஆதலால் இந்த மருந்து வேண்டாம்' என்று ஒருவர் நிறுத்திவிட்டால், அது பேச்சு வழக்கை வேர்ப்பொருளாகக் கொண்டதால் வந்த கேடு.

இரண்டாவது, ஒரே வடிவில் இரண்டு முன்னொட்டுகள் இருப்பது. 'இன்' என்பது ஆங்கிலத்தில் எதிர்மறையைக் குறிக்கும் என்று பள்ளியில் கற்கிறோம். நெடுஞ்சாலையில் பெட்ரோல் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் பின்புறத்தில் 'இன்பிளேமபிள்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். கற்றதை அப்படியே பொருத்தினால் அது தீப்பற்றாதது என்று ஆகிவிடும்! உண்மை அதற்கு நேர்மாறு. இலத்தீனில் இன்மையைக் குறிக்கும் 'இன்' ஒன்று. உள்ளே என்னும் பொருள்படும் 'இன்' மற்றொன்று. இங்கே நிற்பது இரண்டாவது. தீ மூட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். 'பிளேமபிள்' என்று 'இன்' இல்லாமல் எழுதினாலும் பொருள் அதுவே. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கும் படியை மறவாதவன் இதில் வழுக்க மாட்டான். தீப்பற்றாத பொருள் என்றால் வண்டியில் எச்சரிக்கை எழுத வேண்டியதில்லையே என்று உடனே ஐயுறுவான்.

மூன்றாவது, வேர்ப்பொருளே பிழையாய் இருப்பது. 'மலேரியா' என்பது இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. சதுப்பு நிலத்துக் காற்றால் அக்காய்ச்சல் வருவதாக முன்னோர் எண்ணியதால் எழுந்த பெயர் அது. அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல், நம் நாட்டுச் செகந்திராபாத்தில். காரணம் தெரிந்தபின்னும் பெயர் மாறவில்லை. ஒரு பொருளைப் பற்றிப் பெயரிட்டவர் அன்று என்ன எண்ணினார் என்பதைத்தான் வேர் சொல்லும்; அப்பொருளின் இயல்பை அது எப்பொழுதும் சொல்லாது.

ஆகவே, பிரித்துக் கண்ட பொருளை ஒரு கேள்வியாகவே நாம் கொள்ள வேண்டும். 'இச்சொல்லுக்குப் பொருள் என்ன?' என்று வெறுங்கையுடன் மருத்துவர்முன் நிற்பதைவிட, 'இது சர்க்கரை குறைவதைத்தானே சொல்கிறது? அப்படியானால் அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால் அவர் தரும் விடையும் தெளிவாக இருக்கும். டில்லிப் பெரியவர் வீட்டில் இன்று அந்தச் சீட்டு சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் ஓரத்தில், 'ஊப்பர் அல்ல, உப' என்று பேத்தி தமிழில் எழுதியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை இருக்கிறது.